எந்தச் சுவருக்கு நிறம்?

கடந்த மாதம் எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டுக்கு வர்ணம் பூசினோம். வரவேற்பறையில் மூன்று சுவர்களை வெள்ளையாக விட்டு, ஒன்றுக்கு மட்டும் அழுத்தமான நிறம் கொடுப்பதென்று முடிவாயிற்று. ரொறன்ரோவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மகளின் விருப்பம் அது. எந்தச் சுவர் என்பதைத் தீர்மானிப்பதற்குள் ஒரு வாரம் கழிந்துவிட்டது.

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். வரவேற்பறை கிழக்கு மேற்காக 18 அடி நீளம், 11 அடி அகலம். மேற்கே பல்கனிக் கண்ணாடிக் கதவு. வாசற்கதவு தெற்குச் சுவரில். உள்ளே நுழைபவரின் கண்ணில் முதலில் படுவது, கதவோ யன்னலோ இல்லாத வடக்குச் சுவர். கிழக்குச் சுவரின் நடுவில் அம்மாவின் அறைக்கதவு.

மனைவி கடற்பக்கச் சுவரைச் சொன்னார். அதை வர்ணம் பூச வந்த பாஸ் உடனேயே மறுத்தார். உப்புக்காற்றும் மழையும் படுகிற சுவரில் வர்ணம் முதலில் பொருக்கு விடும். அழுத்தமான நிறமென்றால் அந்த வெள்ளைப் பூப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும் என்றார். வேறொரு காரணமும் உண்டு. யன்னல் உள்ள சுவரைப் பார்க்கையில் வெளிச்சம் நேரே கண்ணுக்குள் வருகிறது. அதன் எதிரில் கண்ணாடியைச் சுற்றியுள்ள சுவர் எந்த நிறமானாலும் இருண்டுதான் தெரியும். நிறத்துக்குச் செலவழித்தும் நிறத்தைக் காணமாட்டோம்.

மகள் வடக்குச் சுவரைத் தேர்ந்தாள். கண் முதலில் விழும் இடம், இடையில் முறிவில்லாத பரப்பு என்று பார்த்தால் அவள் சொன்னது சரியே. ஆனால் கடும் நிறம் சுவரை நமக்குக் கிட்டக் கொண்டுவருவதுபோலத் தோன்றச் செய்யும். நீளச் சுவரில் பூசினால் 11 அடி அகலம் இன்னும் ஒடுங்கும். கட்டைச் சுவரில் பூசினால் நீளம் குறைந்து அறை சீராகத் தெரியும். கிழக்குச் சுவர் என் மனதில் வந்தது இப்படித்தான். அங்கே பூசுவதற்கு அதைவிட வலுவான காரணம் இருந்ததை அம்மாவைக் கவனித்த பின்பே உணர்ந்தேன்.

அம்மாவுக்கு 84 வயது. கண்புரைச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். பகலில் பல்கனியருகே கதிரையில் இருப்பார். எழுந்து தன் அறைக்குப் போகையில், வெள்ளைச் சுவரிலுள்ள வெள்ளைக் கதவைக் கையால் தடவித் தேடுவார். இரண்டு தடவை நிலையில் தோள் இடிபட்டது. வயதின் தளர்ச்சி என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். 40 வருடம் அவர் வாழ்ந்த கொட்டாஞ்சேனை வீடு இதைவிட இருட்டு. அங்கே அவர் தடுமாறியதில்லை. சுவர் சுண்ணாம்பு வெள்ளை, கதவுகளும் நிலைகளும் கபில நிறம். கதவு எங்கே என்பதை நிறமே சொல்லிவிடும்.

மகள் கடல்நீலம் பூசிய 2 அடி அட்டையொன்றைக் கிழக்குச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அப்பம்மா, இந்த நீலம் வடிவா இருக்கா?"

"எது பிள்ளை நீலம்? உது சாம்பலெல்லோ."

வயதாகக் கண்வில்லை மஞ்சளாகி, நீல ஒளியை உள்ளே விடாமல் தடுக்கிறது. எங்களுக்குக் கடலாகத் தெரிந்தது அவருக்குச் சாம்பலாகத் தெரிந்தது. அடுத்து கடுகு மஞ்சளும் செங்கல் சிவப்பும் வைத்தோம். இரண்டும் நிறமாக அவருக்குத் தெரிந்தன. ஆனால் வேண்டியது நிறவேற்றுமை மட்டுமன்று. வெளிச்ச வேற்றுமையும் வேண்டும். இதை அறிய இலகுவான வழி, கைத்தொலைபேசியில் படமெடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. மஞ்சள் அட்டை வெள்ளைக் கதவோடு ஏறக்குறைய ஒன்றிப்போயிற்று. செங்கல் சிவப்புத் தெளிவாகப் பிரிந்து நின்றது.

காலை 8 மணிக்கும் நண்பகலிலும் மாலை 5 மணிக்கும் பார்த்த பிறகே பாஸுக்குச் சம்மதம் சொன்னோம். மாலையில் கடற்பக்க வெயில் அறையின் கோடிவரை வந்து அந்தச் சுவரில் விழும். பளபளக்கும் வர்ணமென்றால் அது அம்மாவின் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் மினுக்கமில்லாத வகையை எடுத்தோம். நிறத்தைச் சுவரின் இரு உள்மூலைகளோடு நிறுத்தி, கதவையும் நிலையையும் வெள்ளையாகவே விட்டோம்.

ஒரு குறை பின்னர் தெரிந்தது. கதவு திறந்திருந்தால் உள்ளிருட்டும் சிவப்பும் ஒன்றாகி, வெள்ளை நிலை மட்டுமே அடையாளமாக நிற்கிறது. அதற்காக அறைக்குள் சிறிய விளக்கொன்று இப்போது பகலிலும் எரிகிறது.

வீட்டுக்கு வருபவர்கள் வடக்குச் சுவருக்குப் பூசியிருக்கலாமே என்கிறார்கள். வாசலிலிருந்து பார்த்தால் அது நியாயமே. நாங்கள் பார்த்தது அம்மாவின் கதிரையிலிருந்து. சென்ற வெள்ளிக்கிழமை அவர் எழுந்து, கையை நீட்டாமல் நேரே நடந்து தன் அறைக்குள் போனார். மகள் என்னைப் பார்த்தாள்; இருவரும் ஒன்றும் பேசவில்லை.