அசையாத படமும் அசைந்த முகமும்

காரைக்கால் நகரை அடுத்து, கடற்காற்று எட்டும் தொலைவில் அமைந்தது தலத்தெரு. அங்கே பழைய ஓட்டு வீடு ஒன்றின் கூடத்தில், சுவரில் சற்றே முன்சாய்ந்தவாறு ஓர் ஒளிப்படம் தொங்குகிறது. எடுக்கப்பெற்ற ஆண்டு 1950. நாற்காலியில் முப்பது வயதினர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அருகே அவர் மனைவி நிற்கிறார். முக்காலியின் மேல் பூச்சாடி ஒன்று இருக்கிறது. பின்புறத்தில் மாளிகைப் படிகளும் தூண்களும் தோன்றுகின்றன. தந்தையின் முழந்தாளைப் பற்றியவாறு நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று நிற்கிறது. எல்லாருடைய முகங்களும் தெளிவாக இருக்க, அக்குழந்தையின் முகம் மட்டும் நீரில் கரைந்தாற்போல் மங்கியிருக்கிறது.

அவ்வீட்டுப் பெண், மேல்நிலை வகுப்பு மாணவி, அப்படத்தைப் பற்றிக் கவிதை ஒன்று எழுத விரும்பினாள். பள்ளி ஆண்டு மலருக்குப் படைப்புக் கேட்டிருந்தனர். ஒரு மாலைப்பொழுதில் படத்தின் எதிரே அமர்ந்து, அகவல் ஓசையில் இருபது அடிகள் எழுதி முடித்தாள். அவற்றின் தொடக்கம் இது:

நாற்காலி தன்னில் தந்தை இருந்தார்;
பாற்பட நின்றாள் பண்புடை அன்னை;
பூச்சாடி ஒன்று புடையில் விளங்கும்.

எதுகையும் மோனையும் குறைவின்றி அமைந்தன. அவற்றைத் தன் அப்பாயியிடம் படித்துக் காட்டினாள். படத்தில் முகம் மங்கித் தோன்றும் குழந்தை அந்த அப்பாயியே. தாய்வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த சில பொருள்களுள் அப்படமும் ஒன்று. அவர் முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

“நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணே. ஆனால் இவையெல்லாம் படத்திலேயே தெரிகின்றனவே! நான் நாள்தோறும் பார்ப்பதை நீ எதற்காக எனக்குச் சொல்கிறாய்?” என்றார். பின்னர், “அம்மா உடுத்தியிருந்தது சிவப்புச் சேலை என்று எழுதியிருக்கிறாயே, அது பச்சை” என்றும் சொன்னார்.

மாணவியின் முகம் வாடிற்று. ஆயினும் அப்பாயி கூறியது அவ்வகைக் கவிதைக்கு உரிய முதல் உரைகல். படம் கையில் உள்ளவனுக்கு அப்பாடல் எதனையும் புதிதாகத் தரவில்லை. படம் இல்லாதவனுக்கோ அது படத்தின் குறைவான படி. சேலையைப் பற்றிய பிழை இன்னும் ஒன்றை உணர்த்துகிறது. அக்காலத்து ஒளிப்படத் தகடுகள் பல, நிறங்களைக் கருமை வெண்மைகளாக மாற்றுவதோடு நில்லாமல், சிவப்பை மிகுந்த கருமையாகவும் காட்டும். ஆகவே படத்தின் கருமை சிவப்போ பச்சையோ நீலமோ என்பது படத்தால் துணியப்படாது. பின்புறத்து மாளிகையும் அத்தகையதே. அது நிலையத்தார் தொங்கவிட்ட ஓவியத்திரை. உற்று நோக்கினால் துணியின் மடிப்பு இடப்பக்கத்தில் தெரியும். அதை அக்குடும்பத்தின் வீடு என்று கொண்டு பாடியிருந்தால், பாட்டு முழுவதும் பொய்யாகியிருக்கும்.

மாணவி தன் பாட்டை வேறு வகையில் திருத்த முயன்றாள். “காலத்தின் கண்ணாடியே! நினைவுகளின் கோயிலே!” என்று படத்தை விளித்துச் சில அடிகள் எழுதினாள். மறுநாள் காலையில் அவளே அவற்றைப் படித்துப் பார்த்து அடித்துவிட்டாள். அவ்வடிகளை அடுத்த வீட்டுப் படத்தின் கீழ் எழுதினாலும் பொருந்தும். ஊரில் உள்ள எந்தப் படத்தின் கீழ் எழுதினாலும் பொருந்தும். எங்கும் பொருந்துவது இங்கே தேவையில்லை.

இவ்விடத்தில் தொல்காப்பியம் வகுத்த பாகுபாடு ஒன்று கைகொடுக்கும். அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பிரித்தனர் நம் முன்னோர். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்நிலத்துக்குரிய உயிர்களும் பொருள்களும். உரிப்பொருள் என்பது பிரிதல், இருத்தல், இரங்கல் போன்ற மக்கள் ஒழுக்கம். ஒளிப்படக் கருவி முதலையும் கருவையும் வெகு எளிதில் பற்றிவிடும். நாற்காலியும் பூச்சாடியும் சேலையும் எல்லாம் கருப்பொருளின் பாற்படும். உரிப்பொருளைப் பற்றும் ஆற்றல் அதற்கு இல்லை. நாற்காலியில் இருப்பவர் வீட்டிலேயே தங்கப்போகிறாரா, கடல் கடந்து செல்லப்போகிறாரா என்பதைப் படம் சொல்லாது. மாணவி எழுதிய இருபது அடிகளிலும் உரிப்பொருள் என்பது மருந்துக்கும் இல்லை.

ஆகவே அவள் தன் தாளின்மீது ஒரு வேலை செய்தாள். படத்தைப் பார்ப்பவர் தாமே கண்டுகொள்ளக்கூடியவற்றை எல்லாம் கோடிட்டு நீக்கினாள். எஞ்சியது ஒன்றே: குழந்தையின் மங்கிய முகம். அதுவும் படத்தில் உள்ளதுதான். ஆயினும் அது ஏன் அவ்வாறு ஆயிற்று என்பது படத்தில் இல்லை. பழைய படத்தில் கவிதைக்கு வழிவிடும் இடம் பெரும்பாலும் இத்தகைய சிறு பிழையாகவே இருக்கும். திருத்தமாக அமைந்த பகுதிகள் நிலையத்தாரின் ஏற்பாடு. பிழையே குடும்பத்தாருக்கு உரியது.

பிழை நேர்ந்த விதத்தையும் அறிதல் வேண்டும். சாளர ஒளியை நம்பிப் படம் எடுத்த நிலையங்களில், ஒளி குறைந்தால், கருவியின் மூடியைக் கையால் கழற்றி, ஓரிரு நொடி எண்ணிய பின்னரே மீண்டும் மூடுவர். அதுவரை எவரும் அசைதல் ஆகாது. பழைய படங்களில் மக்கள் சிரிப்பின்றி இறுகிய முகத்தோடு காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரியவர்கள் மூச்சை அடக்கி நின்றனர். குழந்தை தலையைத் திருப்பிவிட்டது.

“ஏன் திரும்பினீர்கள் அப்பாயி?” என்று கேட்டாள் மாணவி.

நெடுநேரம் கழித்து விடை வந்தது. “வாசலில் மாட்டுவண்டியின் மணி கேட்டிருக்கலாம். அப்பாவின் முகத்தைப் பார்க்கத் திரும்பியிருக்கலாம். தெரியவில்லை, அம்மா. ‘அசையாதே’ என்று அப்பா சொன்னார். அது மட்டும் காதில் இருக்கிறது. அவர் சொல்லியவற்றுள் எனக்கு நினைவில் நிற்பது அந்த ஒரு சொல்தான்.”

படம் எடுத்த சில வாரங்களில் தந்தையார் சைகோனுக்குக் கப்பலேறினார். காரைக்கால் அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இந்தோசீனாவும் அவ்வாட்சிக்கு உட்பட்டிருந்தமையால், புதுவையினரும் காரைக்காலினரும் அங்கே அலுவல் நாடிச் சென்றனர். அங்கு 1946இல் மூண்ட போர் 1954இல் முடிவுற்றது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் காரைக்காலும் இந்திய ஆட்சியின் கீழ் வந்தது. சென்றவர் பலர் திரும்பினர். இவரிடமிருந்து வந்த கடிதங்கள் முன்னரே நின்றுபோயின, இவரும் திரும்பவில்லை. எண்பதைத் தொட்டுள்ள மகளுக்குத் தந்தையின் முகம் என்பது அப்படத்தில் உள்ள முகமே.

இவ்வளவும் கேட்ட மாணவிக்கு வேறோர் இடர் நேர்ந்தது. சைகோன் வீதிகளில் அவர் கண்ணீர் சிந்தி அலைந்ததாகவும், இறுதி மூச்சில் மகளின் பெயரைச் சொன்னதாகவும் எழுதத் தொடங்கினாள். “யாரடி பார்த்தது?” என்று அப்பாயி ஒரே சொல்லில் அதை நிறுத்திவிட்டார். அறியாத ஒன்றை அறிந்ததாகக் கூறும் அடியை, நிகழ்ந்ததை அறிந்தவர் செவி உடனே கண்டுகொள்ளும். தெரியாதது பாட்டில் வினாவாக நிற்கலாம். அல்லது சொல்லப்படாமலே நிற்கலாம். செய்யுளின் உறுப்புகள் முப்பத்து நான்கனுள் எச்சம் என்பதையும் ஒன்றாகத் தொல்காப்பியர் எண்ணியிருப்பது இதற்கு இடம் தருகிறது. அவரே கூற்று, கேட்போர் என்ற இரண்டையும் உறுப்புகளாக எண்ணுகிறார். யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்று துணியாத வரையில், மாணவியின் பாட்டு எவரோ எவருக்கோ காட்டும் பட விளக்கமாகவே நின்றது. இப்போது பேசுபவர் மகள் என்றும், கேட்பவர் படத்தில் உள்ள தந்தை என்றும் அவள் துணிந்தாள். அந்தத் துணிவோடு நாற்காலியும் முக்காலியும் தாமே விலகின. தந்தைக்கு அவர் அமர்ந்த நாற்காலியை மகள் வருணித்துக் கூற வேண்டுவதில்லை அன்றோ?

பிரெஞ்சு நாட்டு அறிஞர் ரோலான் பார்த் இதே இக்கட்டை வேறு வழியில் எதிர்கொண்டார். அவருடைய தாயார் 1977இல் இறந்தார். பழைய படங்களைப் புரட்டிவந்த மகன், 1898இல் ஐந்து வயதுச் சிறுமியாகத் தாயார் நின்ற படம் ஒன்றிலே அவரை உண்மையாகக் கண்டார். ஒளிப்படம் பற்றி அவர் எழுதி 1980இல் வெளிவந்த நூலில் வேறு படங்கள் பல அச்சாகியிருக்கின்றன. அந்தப் படம் மட்டும் இல்லை. பிறருக்கு அது எண்ணற்ற பழம்படங்களுள் ஒன்றாகவே தோன்றும் என்று கருதி அவர் அதனைக் காட்டாது விடுத்தார். தலத்தெரு மாணவியும் தன் பாட்டோடு படத்தை அச்சிட வேண்டா என்று மலர்க்குழுவினரிடம் கூறிவிட்டாள். அவள் அந்நூலைப் படித்தவள் அல்லள். படமின்றியும் பாட்டு நிற்கிறதா என்று பார்க்க விரும்பினாள், அவ்வளவே.

ஐந்தாம் முறை எழுதியபோது இருபது அடிகள் பத்தாகச் சுருங்கியிருந்தன:

அசையா திருவென அன்றுநீ சொன்னாய்;
அச்சொல் ஒன்றே அகத்தில் உளது.
வாசல் வண்டியின் மணியொலி கேட்டென்
தலைதிரும் பியதோ? தந்தைநின் முகத்தைத்
தேடித் தானோ? தெரியவே யில்லை.
முப்ப தாண்டில் நிலைத்தனை ஐயா!
எண்பதைத் தொட்டேன், இன்றுநீ எனக்கு
மகனெனத் தகுவை. மகனே, கேளாய்:
இத்தனை ஆண்டும் அசையா திருந்தேன்;
திரும்பிப் பார்ப்பது நின்முறை இனியே.

இதில் நாற்காலி இல்லை, பூச்சாடி இல்லை, சேலையின் நிறமும் இல்லை. சைகோன் என்ற பெயர்கூட இல்லை. அது வேண்டும் என்று சிலர் கருதலாம், அக்கருத்தில் சிறிது நியாயமும் உண்டு. ஆனால் தந்தை முப்பது வயதிலே நின்றுவிட, மகள் அவரைக் கடந்து தாயின் வயதுக்கும் அப்பால் சென்றுவிட்டாள் என்பது எந்தப் படத்திலும் தெரியாத உண்மை. படம் இல்லாவிடில் தோன்றியிராத உண்மையும் அதுவே. மூன்றாம் அடியின் வண்டி மணி அப்பாயி சொன்னது, புனைந்தது அன்று. அதுவும் ஐயமாகவே வைக்கப்பட்டுள்ளது. ‘திரும்புதல்’ என்னும் சொல் முதலில் குழந்தையின் தலைக்கும், இறுதியில் வாராத தந்தைக்கும் உரியதாக நிற்கிறது. அதற்காக அவள் தனியே முயலவில்லை. தேவையற்றவை நீங்கியபின் அச்சொல் தானே இரு பொருளும் தாங்கிற்று.

மாலையில் விளக்கேற்றிய பின்னர் அவள் அதனை அப்பாயியிடம் படித்தாள். அவர் படத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே கேட்டார். படித்து முடிந்ததும் சற்று நேரம் பேச்சில்லை.

“மகனே என்று வருகிறதே,” என்றார் பிறகு, “அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை படி.”