நுரைக்கு நடுவே ஒரு முடிவு

கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தார்கள். பாலத்தை நுரை மூடியது. எங்கள் ஷிப்ட் பஸ் நின்றுவிட்டது. போன தடவை இப்படி ஆனபோது பிளான்ட் ஹெட்டுக்கு "சார், என்ன செய்யலாம்?" என்று மட்டும் அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதிலே இல்லை. இந்த முறை எழுதியது இது:

"சார், பாலத்தில் நுரை. இரவு ஷிப்ட் 42 பேர் பஸ்ஸில். ஒன்று, சுற்றி வரலாம், 40 நிமிடம் தாமதம். இரண்டு, பகல் ஷிப்டையே ஓவர்டைமில் நிறுத்தலாம், ஆனால் களைத்திருக்கிறார்கள். முதலாவது நல்லது என்பது என் கருத்து. அதுவரை லைனைப் பார்க்க பகல் ஷிப்டில் 4 பேர் சம்மதித்துவிட்டார்கள். 7.30க்குள் சொல்லுங்கள், பகல் ஷிப்ட் கிளம்பிவிடும்."

பெங்களூரு கழிவுநீரால் வரும் நுரை என்றும் முதலில் எழுதியிருந்தேன். மனசு கொதிக்கும் விஷயம்தான். ஆனாலும் அன்றைய முடிவை அது மாற்றாது என்பதால் அழித்தேன்.

7.12க்குப் பதில் வந்தது: "ஒன்று. பத்திரமா வரச் சொல்லுங்க."