இரண்டாம் பத்தியில் ஒரு வருடம்

வேலை கேட்டு நான் அனுப்பிய முதல் மின்னஞ்சல்களில் 2022-ஆம் ஆண்டு ஒரே வரியில் முடிந்திருந்தது: 'சொந்தமாக ஆலோசனைப் பணி'. உண்மையில் அந்த ஆண்டு முழுக்க நானும் நண்பனும் கோவையில் ஒரு ஸ்டார்ட்அப் நடத்தினோம். தொண்டாமுத்தூர் விவசாயிகளிடம் காய்கறி வாங்கி, அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கட்டுப்படியாகாமல் மூடினோம். அதை எழுத வெட்கமாக இருந்தது.

ஒரு நேர்காணலில், "யாருக்கு ஆலோசனை சொன்னீங்க?" என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. அந்த வேலையும் வரவில்லை. அது ஒரு நிறுவனத்தின் டெலிவரிப் பிரிவைக் கவனிக்கும் வேலை. அந்த வருடம் முழுக்க நான் செய்ததும் அதைத்தான்.

அடுத்த மின்னஞ்சலில் எல்லாவற்றையும் கொட்டினேன். முதலீடு கிடைக்காதது, மழை, விலையேற்றம் என்று நீண்டது. ஆள் எடுக்கும் வேலையில் இருக்கும் அக்கா ஒருவர் படித்துப் பார்த்தார். "ஏன் மூடினேன்னு இவ்வளவு எழுதியிருக்கே தம்பி. என்ன செஞ்சேன்னு ஒரு வரிகூட இல்லையே?"

அன்றிரவு பழைய கணக்கு நோட்டைத் திறந்தேன். ஒரு ஆர்டரின் சராசரி மதிப்பு 260 ரூபாய். காய்கறியின் விலை போக எங்களுக்கு நின்றது 52. வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க ஆன செலவு 65. ஒவ்வொரு பையிலும் 13 ரூபாய் நஷ்டம். பிறகு கேட்ட நேரத்துக்கெல்லாம் ஓடுவதை நிறுத்தி, ஒரு குடியிருப்புக்கு ஒரு மாலை என்று ஆர்டர்களைச் சேர்த்தோம். செலவு 38 ஆகக் குறைந்தது. அந்தப் பக்கங்களில் என் கையெழுத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதையா மறைத்தேன்?

புதிய மின்னஞ்சலின் முதல் பத்தியில் அந்த வேலைக்கு நான் ஏன் பொருந்துவேன் என்பதை மட்டும் எழுதினேன். ஸ்டார்ட்அப் இரண்டாம் பத்திக்குப் போனது:

'2022-இல் கோவையில் காய்கறி விநியோக நிறுவனம் ஒன்றை இருவராக நடத்தினோம். டெலிவரி என் பொறுப்பு. ஆர்டர்களைக் குடியிருப்பு வாரியாகச் சேர்த்து, ஒரு ஆர்டருக்கான டெலிவரிச் செலவை 65 ரூபாயிலிருந்து 38-க்குக் குறைத்தேன். முதல் மாதம் வாங்கிய நூறு பேரில் 18 பேரே அடுத்த மாதமும் வாங்கினார்கள். புதியவர்களைச் சேர்க்கும் செலவை அது தாங்கவில்லை. விவசாயிகளின் பாக்கியைத் தீர்த்து, வாடிக்கையாளர்களின் முன்பணத்தைத் திருப்பித் தந்து மூடினோம்.'

எங்கள் செயலியை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற பெரிய எண்ணை அடித்துவிட்டேன். அவர்களில் பலர் ஒருமுறைகூட வாங்காதவர்கள். 'நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி' என்ற பட்டமும் போனது. இருவர் நடத்திய கடைக்கு அது பொருந்தவில்லை.

இந்த முறை நேர்காணலில், 38-இல் பெட்ரோல் சேர்ந்ததா என்று கேட்டார்கள். பெட்ரோல், டெலிவரிப் பையனின் கூலி, திரும்பி வந்த பைகள் எல்லாம் சேர்ந்ததுதான் என்று பிரித்துச் சொன்னேன். மறுபடி தொடங்கினால் எதை முதலில் பார்ப்பீர்கள் என்பது அடுத்த கேள்வி. மாத விற்பனையை அல்ல, இரண்டாம் மாதமும் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்பதை என்றேன். விற்பனை ஏறிக்கொண்டே இருந்ததால்தான் அந்த 18-ஐ நாங்கள் வெகு தாமதமாகக் கவனித்தோம் என்பதையும் சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சு அவர்களுடைய டெலிவரிச் செலவைப் பற்றிப் போனது.