ஐந்து வரிக் கடிதம்

ரொறன்ரோவில் நான் இரண்டாம் ஆண்டு படிக்கத் தொடங்கிய நேரம், அப்பாவின் தொழிற்சாலையில் வேலை மணிகளைக் குறைத்துவிட்டார்கள். அந்தத் தவணைக்கான கட்டணம் 3,400 டொலர். கடைசி நாள் செப்டம்பர் 5. வீட்டில் இருந்ததோ 1,000 டொலர்தான்.

கல்லூரிக்கு எழுதி அவகாசம் கேட்கச் சொன்னா அம்மா. கூடவே, "வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் வெளியாக்களுக்கு எழுதாதை" என்றும் சொன்னா. அதனால் நான் ஆங்கிலத்தில் எழுதியது இவ்வளவுதான்: "குடும்பச் சூழ்நிலையால் கட்டணத்தை நேரத்துக்குக் கட்ட முடியவில்லை. தயவுசெய்து கொஞ்சம் அவகாசம் தாருங்கள்."

மூன்று நாளில் பதில் வந்தது. கடைசித் திகதியும், பிந்தினால் கட்டவேண்டிய அபராதமும் மட்டுமே அதில் இருந்தன. எனக்குக் கோபம் வந்தது. பிறகு என் கடிதத்தை அந்த அலுவலரின் இடத்தில் இருந்து வாசித்துப் பார்த்தேன். சொந்த மின்னஞ்சலில் இருந்து அனுப்பியிருந்தேன். மாணவர் இலக்கம் இல்லை. என் கணக்கைத் திறக்கவே அவருக்கு வழியில்லை. "கொஞ்சம்" என்றால் ஒரு கிழமையா, ஒரு வருடமா? அவர் "ஓம்" என்று சொல்ல நினைத்திருந்தாலும், எதற்கு ஓம் சொல்வது?

இரண்டாவது கடிதத்தைக் கல்லூரி மின்னஞ்சலில் இருந்து அனுப்பினேன். அதில் ஐந்து வரிகள். பெயரும் மாணவர் இலக்கமும். எந்தத் தவணை, எவ்வளவு கட்டணம். காரணம் ஒரே வரியில்: ஓகஸ்ட் மாதம் அப்பாவின் வேலை மணிகள் குறைந்தன. செப்டம்பர் 5இல் 1,000 டொலரும், செப்டம்பர், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் கடைசி நாளில் 800 டொலர்படியும் கட்டுவேன். இதுவரை என் வகுப்புகளை நீக்காமல் வைத்திருக்க முடியுமா, அபராதத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா?

ஆதாரமாக அப்பாவின் இரண்டு சம்பளச் சிட்டைகளை இணைத்தேன். ஒன்று மணிகள் குறையமுன் வந்தது, மற்றது குறைந்தபின் வந்தது. சமூகக் காப்புறுதி இலக்கத்தை மறைத்துவிட்டேன். அதை அவர்கள் பார்க்கத் தேவையில்லை.

அனுப்பமுதல் அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். வாடகை பிந்தியதோ, இரவில் அப்பா நித்திரை கொள்ளாததோ அதில் இல்லை. "இவ்வளவுதானே? இதில என்ன வெட்கம்" என்றா.

அடுத்த நாளே பதில் வந்தது. அபராதத்தைத் தள்ளுபடி செய்யவில்லை. கடைசித் தவணைப் பணத்தையும் நவம்பர் 15க்கு முன்னால் கேட்டார்கள், அடுத்த பதிவு அப்போது தொடங்குமாம். ஆனால் என் வகுப்புகளில் ஒன்றையும் நீக்கவில்லை. அந்தப் பதினைந்து நாளை ஈடுகட்ட, சனிக்கிழமைகளில் ஒரு கடையில் வேலைக்குப் போனேன்.

அம்மா பயந்ததில் பிழையில்லை. வீட்டுக் கதை வேறு, கணக்கு வேறு. கல்லூரி கேட்டது கணக்கை மட்டும்தான். நான்தான் முதல் கடிதத்தில் இரண்டையும் சேர்த்து மறைத்திருந்தேன்.