பட்டை மோதிரமும் என் விரலும்

என் கல்யாண மோதிரம் 2 மில்லிமீட்டர் அகலம். பிரெஞ்சு அளவில் 60, அதாவது உள்சுற்றளவு 60 மில்லிமீட்டர். எங்கள் 50ஆம் கல்யாண நாளுக்குப் பாரீஸ் மகள் அதே அளவில் 6 மில்லிமீட்டர் பட்டை மோதிரம் அனுப்பினாள். சோப்பு போட்டு ஏற்றினேன், விரல் வீங்கிவிட்டது.

கழற்றிவிட்ட ஆசாரி சொன்னார்: “மெல்லிய மோதிரம்னா சதை ரெண்டு பக்கமும் ஒதுங்கும். பட்டைக்குள்ளே நசுங்கும். உங்களுக்கு 61, 62 வேணும் ஐயா. உள்பக்கம் உருட்டின ‘கம்ஃபர்ட் ஃபிட்’னா முட்டியைச் சுலபமாத் தாண்டும்.”

மூன்று மெல்லிய மோதிரங்களை அடுக்கினாலும் ஒரு பட்டைக் கணக்குதான். அடுக்குக்காகப் பெரிதாக்கியதைத் தனியே போட்டால் கழன்றுவிடும். என் மனைவி ஒன்றை அப்படித்தான் கிணற்றடியில் தொலைத்தாள்.