கடைசி பெஞ்சுல இருந்து பார்த்த காதல்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க மக்களே.

போன மாசம் ஓபிக்கு ஒரு பிளஸ் டூ பையனை அவங்கம்மா கூட்டிட்டு வந்தாங்க. அம்மா ஷூ கம்பெனியில தையல் வேலை. அரை நாள் சம்பளத்தை விட்டுட்டு வந்திருந்தாங்க. "நெஞ்சு படபடன்னு அடிக்குதாம் சார், சாப்பிட மாட்றான், ராத்திரியில தூங்குறதே இல்ல." பல்ஸ் 108. ஈசிஜி நார்மல். ரத்த அளவு, தைராய்டு எல்லாம் பார்த்தோம், அதுவும் நார்மல்.

அம்மாவை வெளிய உட்கார வச்சுட்டு, "யாருப்பா அது?"ன்னு கேட்டேன். பையன் அழுதுட்டான்.

டியூஷன்ல கூடப் படிக்கிற பொண்ணு. ஏழு மாசமா பாக்குறான். ஒரு வார்த்தை பேசினதில்ல. குரூப்ல இருந்து நம்பரை எடுத்து வச்சிருக்கான், மெசேஜ் அனுப்பினதில்ல. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து அந்தப் பொண்ணோட லாஸ்ட் சீன் பாக்குறான். தெரிஞ்சா ஒரு படபடப்பு, தெரியலன்னா இன்னொரு படபடப்பு.

அவனுக்கு நான் என்ன சொன்னேன்னு அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி என் கதை. (விவரங்கள் கொஞ்சம் மாத்தியிருக்கேன், ரெண்டு பேருக்கும்.)

எனக்கு ஆம்பூர். அப்பாவுக்கு தோல் ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டி வேலை. உப்பு போட்டு வர்ற பச்சைத் தோலை ஊறவச்சு, சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு முடியை எடுக்குற இடம். அழுகின முட்டை மாதிரி வாடை வரும். எங்க தெருவுல யாருக்கும் அது தெரியாது. மூக்கு அப்படித்தான், ஒரே வாடை தொடர்ந்து வந்தா கொஞ்ச நேரத்துல அதைச் சொல்றதை நிறுத்திடும். அதனாலேயே என் சட்டையில வாடை இருக்கா இல்லையான்னு என்னாலயே கண்டுபிடிக்க முடியாது.

2008ல வேலூர்ல எம்பிபிஎஸ். முதல் வருஷம் ஆம்பூர்ல இருந்து தினமும் 50 கிலோமீட்டர் பஸ். கிளாஸ்ல ஜன்னல் ஓரமா கடைசி பெஞ்ச், காத்து வெளிய போகட்டும்னு. அவங்க மூணாவது வரிசை. அஞ்சு வருஷத்துல எங்களுக்குள்ள இருந்த தூரம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

டிசெக்‌ஷன் ஹால்ல மட்டும் எனக்கு பயமே இருக்காது. அங்க எல்லார் மேலயும் ஃபார்மலின் வாடைதான். ஆனா ரோல் நம்பர்படி அவங்க ரெண்டாவது டேபிள், நான் ஒன்பதாவது.

குடியாத்தம் பக்கம்னு மட்டும் தெரியும். மத்ததெல்லாம் நானே எழுதிக்கிட்டேன். டாக்டர் வீட்டுப் பொண்ணு. கர்னாடக சங்கீதம் தெரியும். மெதுவாத்தான் பேசுவாங்க. பசங்க என்னை 'இதயம் முரளி'ன்னு கூப்பிட்டாங்க. 1991ல வந்த அந்தப் படத்துலயும் ஹீரோ மெடிக்கல் ஸ்டூடன்ட்தான், காதலைச் சொல்லாமலே கிடப்பார். எனக்கு அந்தப் பட்டம் உள்ளுக்குள்ள பெருமையா வேற இருந்துச்சு. இன்டர்ன்ஷிப் முடிஞ்சது. நான் சொல்லவே இல்ல.

ஏன் இது அஞ்சு வருஷம் அணையாம இருந்துச்சு? டாரதி டென்னாவ்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், நூத்துக்கணக்கானவங்க அனுபவத்தைக் கேட்டு 1979ல ஒரு புத்தகம் எழுதினாங்க. இந்த நிலைக்கு 'லிமரன்ஸ்'னு பேர் வச்சாங்க. அதை வளர்க்குறது ரெண்டு விஷயம் சேர்ந்து: கொஞ்சம் நம்பிக்கை, கொஞ்சம் நிச்சயமின்மை. உறுதியா 'ஆமா' கிடைச்சாலும் அடங்கும், உறுதியா 'இல்ல' கிடைச்சாலும் நாளடைவுல அடங்கும். ரெண்டும் கிடைக்காத இடத்துலதான் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

மூளை பக்கத்துல இருந்தும் ஒரு சின்ன ஆதாரம் இருக்கு. 2003ல வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குழு, குரங்குகளுக்கு ஜூஸ் கொடுத்து டோபமைன் செல்களைப் பார்த்தாங்க. ஜூஸ் நிச்சயம் வரும், நிச்சயம் வராதுங்கிற நேரத்தை விட, வரலாம் வராமப் போகலாம்னு பாதிக்குப் பாதி இருந்தப்பதான் காத்திருக்குற நேரத்துல அந்த செல்கள் அதிகமா ஏறிக்கிட்டே போச்சு. குரங்குக்குப் பார்த்ததை மனுஷனுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. ஆனா லாஸ்ட் சீன் பாக்குற பையனும், மூணாவது வரிசை திரும்பிப் பார்க்குமான்னு உட்கார்ந்திருந்த நானும் அந்தப் பாதிக்குப் பாதியிலதான் குடியிருந்தோம்.

தொல்காப்பியம் இந்த ஒருதலைக் காமத்துக்கு கைக்கிளைன்னு பேர் வச்சிருக்கு. குறிஞ்சிக்கு மலை, நெய்தலுக்கு கடல்னு திணைகளுக்கு இடம் சொல்ற மரபுல, கைக்கிளைக்கு நிலமே கிடையாது. எனக்கு அது சரியாத்தான் படுது. என் காதல் நின்னதுக்கும் அடியில எதுவும் இல்ல.

படிப்பு முடிஞ்சு பல வருஷம் கழிச்சு வேலூர்ல ஒரு டிரெய்னிங். டீ பிரேக்ல பக்கத்துல வந்து நின்னாங்க. "நீங்க எந்த பேட்ச்?"

"உங்க பேட்ச்தாங்க."

"அய்யோ, சாரி! எந்த டேபிள்?"

குரல் கணீர்னு இருந்துச்சு, சட்சட்னு பேச்சு. அஞ்சு வருஷமா என் தலைக்குள்ள பேசின குரல் அது இல்லவே இல்ல. ஆம்பூர்னு சொன்னதும் சிரிச்சாங்க. "நான் பேரணாம்பட்டு. எங்கப்பாவும் தோல் ஷாப்புதான். லீவுக்கு வீட்டுக்குப் போய்ட்டு வந்தா ஹாஸ்டல்ல துணியை ரெண்டு தடவை துவைப்பேன், யாராவது மூக்கைப் பொத்திடுவாங்களோன்னு."

டீயைக் குடிச்சு முடிச்சேன். பஸ்ல வரும்போது அழுகை வந்துச்சு. கிடைக்காமப் போன காதலுக்காக இல்ல. எதை மறைக்க அஞ்சு வருஷம் தள்ளி உட்கார்ந்தேனோ, அதையே மூணாவது வரிசையில ஒருத்தங்க தனியா மறைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. அவங்களையே பாத்துக்கிட்டு இருந்த எனக்கு அது தெரியல. ஒரு ஃப்ரெண்டா பேசியிருந்தா ஒரே நாள்ல தெரிஞ்சிருக்கும்.

இப்போ அந்தப் பையன். அவன்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டேன்: "அந்தப் பொண்ணு தன் வாயால உன்கிட்ட சொன்ன மூணு விஷயம் சொல்லு." யோசிச்சான். ஒண்ணு கூட இல்ல. "அப்போ நீ விரும்புறதுல பாதிக்கு மேல நீ எழுதினது தம்பி. அந்தப் பொண்ணு அதுக்குப் பொறுப்பில்ல. பின்னாடி போறது, வீட்டு வாசல்ல நிக்கிறது, நம்பரை அடுத்தவனுக்குக் கொடுக்குறது எதுவும் கூடாது. அது காதல் இல்ல, குற்றம்."

அவனே போனை எடுத்து நம்பரை அழிச்சான். ராத்திரி போன் அம்மாகிட்ட. டீயைக் குறைச்சு மூணு வேளை சாப்பாடு. மாத்திரை எதுவும் எழுதல. ரெண்டு வாரத்துல பல்ஸ் 84, ஆறு மணி நேரத் தூக்கம். "மறந்துட்டியா?"ன்னேன். "இல்ல சார், டியூஷன்ல பாக்கத்தானே செய்றேன்"னான். பரவால்ல. மறக்க வைக்க எங்ககிட்ட மருந்து கிடையாது. நேரமாகும்.

பார்த்தா படபடப்பு, ரெண்டு நாள் சோகம், இதெல்லாம் வியாதி இல்ல. ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் சாப்பாடும் படிப்பும் போனா கூட்டிட்டு வாங்க. செத்துடலாம்னு ஒரு வார்த்தை வந்தா ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க, அன்னைக்கே வாங்க. 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது.

கிளம்பும்போது அந்தம்மா கேட்டாங்க, "என்ன சார் வியாதி?" பையன் என் முகத்தையே பார்த்தான். "தூக்கம் கெட்டுப் போச்சும்மா, சரியாயிடும்"னேன்.

பொய் இல்லையே.