ஒரு நூல் குறைந்தால் அரையடி போச்சு!

திருச்சியில் என் சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையின் மூலையில், கல்யாண வீட்டு பெஞ்ச் நீளத்துக்கு ஒரு பிளாட்டர் நிற்கும். வீட்டு பிளான், பாலம், கம்பி டிராயிங் என்று பெரிய தாளில் எடுக்க வேண்டியதெல்லாம் அதில்தான். வாரம் முழுக்க ஸ்க்ரீனையே பார்க்கிற வேலை எனக்கு. அதனால் லீவு நாளில் அங்கே போய் உட்கார்ந்து, தாளில் கோடு விழுவதை வேடிக்கை பார்ப்பேன்.

புது ரோல் மாட்டும்போது மட்டும் சித்தப்பா யாரோடும் பேச மாட்டார். அவர் கடையில் இருப்பது 24 அங்குல ரோல், அதாவது 610 மில்லிமீட்டர் அகலம். ஏ1 தாளின் அகலம் 594. ஆக, இரண்டு பக்கமும் சேர்த்து மிச்சம் 16 மில்லிமீட்டர்தான். கொஞ்சம் சாய்ந்தாலும் அந்த இடம் பத்தாது.

ரோலை நடுத்தண்டில் செருகி, ஓரத்திலிருக்கும் தடுப்பு வரை அழுத்தித் தள்ளுவார். இடையில் இடுக்கு விட்டால் ரோல் ஆடும், தாள் கோணலாகத்தான் இறங்கும். பிறகு ஒட்டியிருக்கும் டேப்பைப் பிரித்து, கசங்கிய முனையை நேராக வெட்டிவிடுவார். வெட்டிய முனையை இரண்டு கையாலும் பிடித்து மெஷினுக்குள் விடுவார். ஒரு கை முந்தினாலும் சாய்வு வந்துவிடும். கடைசியாக, எந்த வகைத் தாள் என்பதை மெஷினில் தேர்வு செய்வார். ஒவ்வொரு தாளையும் மெஷின் வெவ்வேறு அளவில் நகர்த்துகிறது என்பதால் இதையும் விடக் கூடாது.

தாள் கோணலாகப் போனதா என்று கண்டுபிடிப்பது சுலபம். டிராயிங்கின் பார்டர் கோட்டுக்கும் தாள் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியைத் தலைப்பக்கம் ஒரு தடவை, அடிப்பக்கம் ஒரு தடவை அளந்தால் போதும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ரோலைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டியதுதான்.

ஆனால், கண்ணுக்கே தெரியாத தப்பு ஒன்று உண்டு. ஒரு சனிக்கிழமை மேஸ்திரி ஒருவர், வேறொரு கடையில் எடுத்த பிளானோடு வந்தார். "அண்ணே, எழுதியிருக்கிறது முப்பது அடி. அளந்து பார்த்தா இருபத்தொன்பதரைதான் வருது. எதை நம்பறது? திங்கட்கிழமை வானம் தோண்டணும்" என்றார்.

அந்த பிளான் கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற ஸ்கேலில் வரைந்தது. அப்படியானால் 30 அடிச் சுவர் தாளில் ஏழரை அங்குலம் இருக்க வேண்டும். சித்தப்பா ஸ்டீல் ஸ்கேலை வைத்தார். ஏழு அங்குலம் மூன்று நூல். குறைந்தது ஒரே ஒரு நூல்தான். ஆனால் தாளில் ஒரு நூல் என்றால் தரையில் அரையடி!

"நிற்கிற சுவரையும் அளந்து பாரு பாப்பா" என்றார் என்னிடம். அதிலும் அதே விகிதத்தில் குறைந்திருந்தது. "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருங்கினா, பிரின்ட் கொடுத்தவங்க `Fit` வெச்சிருக்காங்கனு அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தா, தாள் நகர்ற கணக்குல கோளாறு" என்றார்.

விஷயம் இதுதான். பிளாட்டர் தாளின் ஓரம் வரை அச்சடிக்காது, சுற்றிலும் சில மில்லிமீட்டர் விட்டுவிடும். ஓரத்துக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் 594 அகலத்தில் 584தான் கிடைக்கும். `Fit` கொடுத்தால் முழு டிராயிங்கையும் அதற்குள் சுருக்கிவிடும். நூற்றுக்கு இரண்டு பங்குகூடக் குறையாததால் பார்வைக்குத் தெரியாது. மூலையில் அச்சாகியிருக்கும் ஸ்கேல் எழுத்து மட்டும் பழையபடியே நிற்கும்.

பிடிஎஃப் ஃபைலாக இருந்தால் `Actual size` கொடுக்க வேண்டும். ஆட்டோகேடிலேயே எடுத்தால் `Fit to paper` டிக்கை எடுத்துவிட்டு `1/4" = 1'-0"` தேர்வு செய்ய வேண்டும். சித்தப்பா ஃபைலை வாங்கி அப்படி எடுத்துக் கொடுத்தார். சுவர் சரியாக ஏழரை அங்குலம் வந்தது.

எழுதியிருக்கும் அளவு இருக்கிற இடத்தில் அதைத்தான் நம்ப வேண்டும், தாளை அளக்கக் கூடாது. மேஸ்திரிக்கும் அது தெரியும். "ஆனா, கழிவறைக் குழாய்க்கு அளவே எழுதலையே அண்ணே. அதை ஸ்கேல் வெச்சுத்தானே குறிக்கணும்" என்றார். அரையடி தள்ளிக் குழாய் இறங்கினால், டைல்ஸ் போட்ட பிறகுதான் அது தெரியவரும்.

ஏ1 பிளானை ஏ3 தாளில் சரிபாதியாக எடுத்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அப்போது ஒரு நூலுக்கு ஓர் அடி என்று கணக்கு மாறிவிடும். அதைத் தாளிலேயே பேனாவால் எழுதிவிடுவது நல்லது.

உங்கள் வீட்டு பிளானை வாங்கும்போது, அளவு எழுதிய சுவர்களில் படுத்த வாக்கில் ஒன்று, நிற்கிற வாக்கில் ஒன்று தேர்ந்தெடுத்துக் கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நூல் பிசகினால், அங்கேயே வேறு பிரின்ட் கேளுங்கள்.